பரிசோடு போகும் கடிதம்

வேலையில் நமக்கு வழிகாட்டிய மூத்தவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றுகிறது. அவர் ஓய்வு பெறும் நாளாக இருக்கலாம், நமக்குப் பெரிய பொறுப்பு கிடைத்த மாதமாக இருக்கலாம். பேனாவா, கைக்கடிகாரமா, பட்டு வேட்டியா என்று கடை கடையாக ஏறி இறங்கி ஒரு மாலையையே செலவழிக்கிறோம். பரிசைப் பொதிந்து முடித்த பிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு சின்ன அட்டையை எடுத்து, ‘என் வாழ்வின் ஒளிவிளக்காக இருந்த உங்களுக்கு என்றும் நன்றியுடன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம்.

அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் கிடைக்காது. அவருக்கு உண்மையிலேயே தெரியாத செய்தி ஒன்று நம்மிடம் இருக்கிறது. அவர் என்றோ சொன்ன ஒரு சொல், காட்டிய ஒரு வழி, பிற்பாடு நம் வாழ்க்கையில் என்ன ஆயிற்று என்ற செய்தி. வழிகாட்டுபவர் ஆரம்பத்தை மட்டுமே பார்க்கிறார். சொன்னதைக் கேட்டுக்கொண்டு நாம் வேறு ஊருக்கும் வேறு நிறுவனத்துக்கும் போய்விடுகிறோம். விளைந்தது என்ன என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை; பல நேரங்களில் தான் அப்படிச் சொன்னதையே அவர் மறந்திருப்பார். பரிசோடு போகும் கடிதத்தின் வேலை, அந்தப் பிற்பாதியை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

உலகம் அறிந்த ஒரு கடிதம் இதைத்தான் செய்தது. எழுத்தாளர் ஆல்பர் காம்யுவுக்கு 1957 அக்டோபரில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆரவாரம் சற்று அடங்கியதும், நவம்பர் 19-ஆம் தேதி, அல்ஜியர்ஸில் தனக்கு ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்திய லூயி ஜெர்மேனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். காம்யுவின் தந்தை 1914-இல் போரில் இறந்துவிட்டார். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. பையன் ஆரம்பப் பள்ளியோடு நின்று சம்பாதிக்கப் போயிருக்க வேண்டியவன். ஜெர்மேன்தான் அவனுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்து, உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்து, உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்.

அந்தக் கடிதம் சில பத்திகள்தான். பரிசுச் செய்தி வந்ததும் தன் தாய்க்கு அடுத்தபடி உங்களைத்தான் நினைத்தேன் என்கிறார் காம்யு. ஏழைச் சிறுவனாக இருந்த தன்னிடம் அந்த ஆசிரியர் நீட்டிய கை, அவர் கற்பித்தது, அவர் நடந்துகாட்டியது, இவை இல்லையென்றால் எதுவும் நடந்திருக்காது என்று சொல்கிறார். தான் பெற்ற கௌரவத்தை அவர் அதில் பெரிதுபடுத்தவில்லை. ஆசிரியருக்கு இதைச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்ததே என்றுதான் மகிழ்கிறார். பிறகு நோபல் உரை நூலாக வெளிவந்தபோது அதை ஜெர்மேனுக்கே காணிக்கையாக்கினார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, 1959 ஏப்ரல் 30-ஆம் தேதி ஜெர்மேன் எழுதிய கடிதம். காம்யு தனக்கு அனுப்பிவைத்த ஒரு புத்தகம் கிடைத்த மகிழ்ச்சியில் எழுதுகிறார். பழைய நாட்களை நினைவுகூரும்போது, வகுப்பில் எப்போதும் மலர்ந்த முகத்தோடு இருந்த அந்தப் பையனைப் பார்த்து, அவன் வீட்டு நிலைமையைத் தன்னால் ஊகிக்கவே முடியவில்லை என்கிறார். அந்தச் சிறுவனின் வாழ்க்கையையே திருப்பிவிட்ட மனிதருக்கு அவனுடைய வறுமையின் அளவு அப்போது முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. கைகொடுத்தவருக்கும் பெற்றுக்கொண்டவருக்கும் ஒரே நிகழ்ச்சி இருவேறு விதமாகத்தான் தெரிந்திருக்கிறது. கடிதங்கள்தான் அந்த இரண்டையும் ஒன்று சேர்த்தன. காம்யு அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே ஒரு கார் விபத்தில் இறந்துபோனார்.

சரி, நோபல் பரிசு வாங்காத நாம் எப்படி எழுதுவது? ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அங்கே மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த ஒரு பெண், பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு கம்பெனியில் அந்தப் பிரிவுக்கே தலைமை ஏற்றிருக்கிறார். முதல் கம்பெனியில் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த உற்பத்தி மேலாளர் இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். அவருக்குப் பரிசு கொடுக்க வேண்டும்.

அவர் முதலில் எழுதிப் பார்ப்பது அநேகமாக இப்படித்தான் இருக்கும்: ‘மதிப்பிற்குரிய ஐயா, என் தொழில் வாழ்க்கையில் தாங்கள் அளித்த வழிகாட்டுதலுக்கும் ஊக்கத்துக்கும் மனமார்ந்த நன்றி. தாங்கள் இல்லையென்றால் நான் இந்த நிலைக்கு வந்திருக்க முடியாது. தாங்கள் நீடூழி வாழ இறைவனை வேண்டுகிறேன்.’

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பெயரை மாற்றிவிட்டு இதே கடிதத்தைப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கோ மாமாவுக்கோ அனுப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியும் என்றால் கடிதம் இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள். மேலே உள்ளதை யாருக்கும் அனுப்பலாம். அந்தப் பெண் அந்த மேலாளரை ஒருநாளும் ‘ஐயா’ என்றோ ‘தாங்கள்’ என்றோ கூப்பிட்டிருக்க மாட்டார் என்பது இன்னொன்று. பத்து வருடம் ‘சார்’ என்று கூப்பிட்ட வாய், கடிதத்தில் திடீரென்று ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்றால், படிப்பவருக்கு அது அலுவலகச் சுற்றறிக்கையாகத்தான் தெரியும். ‘அண்ணா’ என்று கூப்பிட்டிருந்தால் ‘அண்ணா’ என்றே தொடங்கலாம். மரியாதை அதில் குறையாது.

பேனாவை எடுப்பதற்கு முன் அந்தப் பெண் தன்னையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் செய்ததில், அவருடைய வேலைக் கடமைக்கு வெளியே இருந்தது எது? அவர் சொன்ன சொற்களில் இன்றும் காதில் கேட்பது எது? அந்தச் சொல் பிறகு எந்த நாளில், எந்த வேலையில் கைகொடுத்தது? பலருக்கு இந்த இடத்தில் ஐந்தாறு நிகழ்ச்சிகள் வரிசையாக நினைவுக்கு வரும். எல்லாவற்றையும் எழுதினால் ஒவ்வொன்றும் ஒரு வரியாகச் சுருங்கி, கடிதம் மறுபடியும் பொதுப்படையாகிவிடும். ஒன்றே ஒன்றை எடுக்க வேண்டும். அதுவும் பெரிய நிகழ்ச்சியை அல்ல, பிற்பாதி மிக நீளமாக இருப்பதை. சம்பள உயர்வு வாங்கிக் கொடுத்தது பெரிய உதவிதான். ஆனால் அது அவருக்கே தெரியும், அன்றோடு முடிந்தும்விட்டது. ஒரு மாலையில் போகிறபோக்கில் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கம் இன்றுவரை வேலை செய்துகொண்டிருக்கும். அது அவருக்குத் தெரியாது.

நம் எடுத்துக்காட்டுப் பெண் இப்படி யோசித்து, மறுபடி எழுதுகிறார்:

‘அன்புள்ள சார்,

இந்தப் பையில் இருக்கும் இரண்டு போலோ டி-ஷர்ட்டும் உங்கள் அளவுக்குத் தைத்தவை. துணி நான் வாங்கியது, தைத்தது எங்கள் சாம்பிள் செக்‌ஷன். பக்கவாட்டைப் பாருங்கள், ஸ்லிட் இருக்காது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே காஸ்டிங் மேஜையில் உட்கார வேண்டும் என்று உங்களிடம் வந்து நின்றேன். “மேஜை எங்கயும் போயிறாது அம்மணி. மொதல்ல லைன்ல போய் உட்காரு. ஒரு பீஸ் எத்தனை கை மாறுதுன்னு எண்ணிட்டு வா” என்றீர்கள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மாதம் ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று ஒவ்வொரு டெய்லர் பக்கத்திலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்தத் தையலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நோட்டில் எழுதினேன். சாயங்காலம் நீங்கள் அந்த நோட்டை வாங்கி, நான் பார்க்காமல் விட்டதைச் சிவப்புப் பேனாவில் எழுதித் தருவீர்கள். நீங்கள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் அது.

போன வருடம் ஒரு பையர் 20,000 பீஸ் போலோ ஆர்டருக்கு விலையைக் குறைக்கச் சொன்னார். துணியின் எடையைக் குறைத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். சைடு ஸ்லிட்டில் டேப் வைத்து, மடித்து, மேல்தையல் போட்டு முடிக்க ஒரு பீஸுக்கு ஒன்றரை நிமிடம் என்று எழுதியிருந்தது, உங்கள் கையெழுத்தில். ஸ்லிட் இல்லாமல் நேராக மடித்துத் தைத்தால் மொத்த ஆர்டரில் 500 மணி நேர வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டு, இரண்டு விதமாகவும் தைத்து பையருக்கு அனுப்பினேன். ஒத்துக்கொண்டார். துணியில் யாரும் கை வைக்கவில்லை.

என்னுடைய யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். அது எந்த நோட்டிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது என்னிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் முதல் மாதம் லைனுக்குத்தான் அனுப்புகிறேன். அவர்களுக்கும் கோபம் வருகிறது. சாயங்காலம் நோட்டை வாங்கிப் பார்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டியிருக்கிறது. நீங்கள் அதை ஒரு மாதம் முழுவதும் செய்தீர்கள் சார். அதற்கு நன்றி.

வீட்டில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.’

இந்தக் கடிதத்தில் ‘நன்றி’ ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதுவும் கடைசியில். அதற்குள் எதற்காக நன்றி என்பது முழுவதும் சொல்லப்பட்டுவிட்டதால், அந்த ஒரு சொல்லே போதுமானதாகிவிடுகிறது. அவர் பேசிய பேச்சை அவருடைய கொங்குத் தமிழிலேயே எழுதியிருப்பதையும் கவனியுங்கள். படித்ததும் அவருக்குத் தன் குரலே கேட்கும். அலுவலகத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்கள் இந்தக் கடிதத்தையும் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அறிவுரை எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் எழுதுவதுதான் சரி என்பது என் கருத்து.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. நன்றிக் கடிதம் எழுதும்போது நம்மை அறியாமல் நம் வெற்றிக் கதையாக அது மாறிவிடும். நான் இதைச் சாதித்தேன், இந்தப் பதவிக்கு வந்தேன், எல்லாம் உங்களால்தான் என்று முடியும். நமக்குக் கிடைத்த பயனைச் சொல்வது ஒன்று. அவரிடம் இருந்த குணத்தை, அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தைச் சொல்வது வேறு. உளவியலாளர் சாரா ஆல்கோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இணையர் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் பதிவுசெய்து இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். உதவியவரின் செயலைப் பாராட்டிச் சொன்னபோதுதான் கேட்பவர் நெகிழ்ந்தார். தனக்குக் கிடைத்த பயனை விவரித்தது அதே விளைவைத் தரவில்லை. இணையரிடையே கண்டது இது என்றாலும், நம் கடிதத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். மேலே உள்ள கடிதத்தில் 500 மணி நேரக் கணக்கு வருகிறது, அது அந்தப் பெண்ணின் வெற்றிதான். ஆனால் கடிதம் அங்கே முடியவில்லை. வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து நோட்டைத் திருத்திய பொறுமையில்தான் முடிகிறது. எழுதி முடித்ததும், ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியங்களையும் ‘நீங்கள்’ என்று தொடங்கும் வாக்கியங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீங்கள் என்பது எங்குமே செயல் செய்யாமல், நன்றியை வாங்கிக்கொள்ள மட்டும் வந்தால், திருத்த வேண்டும்.

பரிசைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற மூத்தவர்கள் வீட்டு அலமாரியில் பொன்னாடைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். பரிசும் கடிதமும் ஒன்றையொன்று தெரிந்துவைத்திருந்தால்தான் இரண்டுக்கும் பொருள் வரும். அந்த டி-ஷர்ட் கடையில் கிடைக்காது. கடிதத்தைப் படித்தவருக்குத்தான் அதில் ஸ்லிட் ஏன் இல்லை என்பது புரியும். விலை அதிகமானால் பெறுபவருக்குச் சங்கடம் தொடங்கிவிடும். ‘எதுக்கு இவ்வளவு செலவு’ என்ற பேச்சில் கடிதம் மறந்துபோகும். கடிதத்தில் விலையைப் பற்றியோ, ‘சிறு பரிசு, ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்ற கெஞ்சலோ வேண்டாம். ஏன் இந்தப் பொருள் என்று ஓரிரு வரி போதும். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பையரின் லேபிள் போட்ட மிச்சப் பீஸை எடுத்துக் கொடுக்க வேண்டாம். அது பையரின் பிராண்ட். அதை வெளியே கொடுக்கும் உரிமை பொதுவாக நமக்குக் கிடையாது.

வழிகாட்டியவர் இன்னும் பதவியில் இருந்தால் பரிசு விஷயத்தில் கவனம் தேவை. அரசுப் பணியில் இருப்பவர்கள் பரிசு பெறுவதற்கு மத்திய அரசின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலும் தமிழ்நாடு அரசின் 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலும் கட்டுப்பாடுகள் உண்டு. பல தனியார் நிறுவனங்களும் இப்படி விதி வைத்திருக்கின்றன. அவருடைய மேஜைக்கு நம் கோப்பு போகக்கூடிய நிலையில் நாம் இருந்தால், பரிசை விட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் கொடுப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. கடிதத்துக்கு எந்த விதியும் தடை சொல்வதில்லை.

அதே கடிதத்தில் வேறு எதையும் கேட்கக் கூடாது. ‘என் தம்பிக்கும் ஒரு வேலை பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கடைசியில் ஒரு வரி வந்தால், அதற்கு மேலே எழுதிய அத்தனையும் அந்த வரிக்கான முன்னுரையாக மாறிவிடும். உதவி தேவைப்பட்டால் வேறொரு நாளில் நேரில் கேட்கலாம். வேலை மாறும் நேரத்தில் எழுதுபவர்கள், இருந்த இடத்தைப் பற்றிய குறைகளை இதில் எழுதாமல் இருப்பதும் நல்லது. அந்தத் தாள் யார் கையில் சுற்றும் என்று சொல்ல முடியாது.

உறவு எப்போதும் சுமுகமாகவே இருந்திருக்காது. கண்டிப்பான மனிதர், கூட்டத்தில் கடிந்துகொண்டவர், சில நேரம் நியாயமில்லாமலும் பேசியவர் என்றிருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு எழுதும்போது எல்லாம் இனிமையாக இருந்தது என்று எழுதினால் அவரே நம்ப மாட்டார். ‘அன்று எனக்குக் கோபம்தான் வந்தது’ என்ற வரி அந்தக் கடிதத்தில் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். அது உண்மையைச் சொல்கிறது, யாரையும் குற்றம் சாட்டவில்லை, அதன்பின் வரும் பாராட்டை நம்பும்படி செய்கிறது. பழைய காயங்களைப் பட்டியல் போட இது இடமில்லை. ஆனால் இல்லாத தேனைத் தடவவும் வேண்டாம்.

இவ்வளவு யோசித்த பிறகும் பலர் கடிதத்தைக் கொடுக்காமல் வைத்துவிடுகிறார்கள். ‘நமக்கு நன்றாக எழுத வராது’, ‘அவர் என்ன நினைப்பாரோ’, ‘இத்தனை வருடம் கழித்தா’ என்ற தயக்கம். 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் இந்தத் தயக்கத்தையே அளந்து பார்த்தார்கள். சிலரை நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, பெறுபவர் எப்படி உணர்வார் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் வியந்திருந்தார்கள், அதிகம் மகிழ்ந்திருந்தார்கள். சங்கடமோ எழுதியவர்கள் பயந்த அளவுக்கு இல்லை. எழுதுபவர் தன் சொற்கள் சரியாக அமைந்தனவா என்று கவலைப்படுகிறார். பெறுபவர் அதில் இருக்கும் அன்பைப் பார்க்கிறார். எழுத்துப் பிழைக்குப் பயந்து கடிதத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் நிகழ்ச்சியில் பிழை வரக் கூடாது. எந்த வருடம், எந்த ஆர்டர், அப்போது கூட இருந்தவர் யார் என்பதை ஒரு பழைய சக ஊழியரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அவர் செய்யாத ஒன்றுக்கு நன்றி சொல்லிவிட்டால், அதைத் திருத்தவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் அவர் தவிப்பார்.

கையால் எழுதுவதா, தட்டச்சு செய்வதா என்று கேட்பார்கள். ஒரு தாளின் இருபுறத்தில் அடங்குவதாக இருந்தால் கையால் எழுதுங்கள். மூத்தவருக்குக் கண்பார்வை மங்கியிருந்தாலோ நம் கையெழுத்து படிக்க முடியாததாக இருந்தாலோ, பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கீழே பேனாவில் கையெழுத்துப் போட்டால் போதும். நேரில் கொடுப்பதாக இருந்தால், உறையைப் பரிசுப் பொட்டலத்துக்குள் திணிக்காமல் மேலே வையுங்கள். நம் முன்னால் படிக்கச் சொல்லி நிற்க வேண்டாம். பலருக்கு எதிரில் ஆள் இருக்கும்போது இதைப் படிக்கக் கூச்சமாக இருக்கும். கிளம்பிய பிறகு படித்துக்கொள்வார்.

பதில் வராமலும் இருக்கலாம். நான்கு நாள் கழித்து ஃபோனில், ‘சட்டை சரியா இருக்குது’ என்று மட்டும் சொல்லி, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுபவர்கள் உண்டு. அந்தத் தலைமுறை ஆண்களில் பலருக்கு அதற்குமேல் பேச வராது. கடிதத்தைப் பற்றி நாமாக இழுத்துக் கேட்க வேண்டியதில்லை.

வழிகாட்டியவர் காலமாகிவிட்டிருந்தால்? அப்போதும் எழுதலாம், அவர் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ. அவர்களுக்குத் தெரிந்தது, சாயங்காலம் தாமதமாக வீட்டுக்கு வந்த மனிதரை மட்டுமே. அந்த நேரத்தில் அவர் எங்கே, யாருக்காக உட்கார்ந்திருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. பரிசு எதுவும் வேண்டாம். அதே நிகழ்ச்சியை, அதே சொற்களோடு, ‘உங்கள் அப்பா’ என்று மாற்றி எழுதினால் போதும். பழைய நோட்டு இன்னும் நம்மிடம் இருந்தால், அவருடைய கையெழுத்து இருக்கும் பக்கத்தை ஒரு நகல் எடுத்து உடன் வைக்கலாம்.